90 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கருவட்டம்

(அகழாய்வுக் குழியில் முதல் காலை: ஓர் இளம் தொல்லியலாளரின் நாட்குறிப்பு)

ஆறரை மணிக்குக் குழியில் இறங்கிவிட்டோம். இங்கே எல்லாரும் விடியலிலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். வெயில் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் மண்ணின் ஈரம். இரவெல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த மண், காலையில் தன் நிறத்தை அப்படியே காட்டும். சாம்பல் கலந்த இடம் சாம்பலாகவும், களிமண் கருப்பாகவும், ஆற்று வண்டல் வெளிர் மஞ்சளாகவும் தனித்தனியாகத் தெரியும். ஒன்பது மணி வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்து ஒரே பழுப்பாகிவிடும். அதற்குப் பிறகு தோண்டலாம், சல்லடை போடலாம், பானை ஓடு கழுவலாம். மண்ணைப் படிப்பது மட்டும் கடினம்.

வைகைக் கரையில் ஒரு தென்னந்தோப்பு இது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரமாக நூல் கட்டி, அதை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கால்பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே மண்ணைத் தொடாமல் சுவர் போல விட்டுவிடுவார்கள். அதன் மேல்தான் நடந்து போக வேண்டும், மண் சட்டியைக் கைமாற்ற வேண்டும். ஆனால் அந்த மண்சுவரை விட்டுவைப்பது நடப்பதற்காக அல்ல. நாம் தோண்டி அள்ளிய மண் திரும்ப வராது. அது எப்படி அடுக்கடுக்காகக் கிடந்தது என்பதற்கு மிஞ்சும் ஒரே நேரடிச் சாட்சி அந்தச் சுவரின் முகம். அதனால்தான் சுவர் முகத்தைத் தூக்குக்குண்டு பிடித்து நேர்க்குத்தாகச் செதுக்குகிறார்கள். அதன் மேல் விளிம்பில் யாராவது உட்கார்ந்தால் அக்கா உடனே அதட்டுகிறார்.

அக்கா என்று நான் சொல்வது இந்தக் குழியின் பொறுப்பாளரை. எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். இறங்கியதும் என் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார். கொத்தனார் கரண்டியை விடச் சின்னது, நுனி கூரானது. "தோண்டாத. சுரண்டு" என்றார். கரண்டியின் நுனியால் குத்தக் கூடாது. அதன் பக்க விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, மண்ணை நம் பக்கமாக இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு அரிசி கனம் மண் வந்தால் போதும். சுரண்டிய இடத்தில் காலை வைக்காமல் பின்னாலேயே நகர வேண்டும். தளம் முழுவதும் இப்படிச் சுரண்டி முடித்த பிறகு, எழுந்து மேலே ஏறி நின்று பார்க்க வேண்டும். கிட்ட இருந்து பார்க்கும்போது புலப்படாத நிற வேறுபாடு எட்ட நின்றால் தெரிகிறது.

எங்கள் கால்பகுதி தரைமட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது. வடகிழக்கு மூலையில்தான் அது தெரிந்தது. சுற்றியுள்ள மண் மஞ்சள் கலந்த பழுப்பு. மூலையில் மட்டும், மண்சுவரை ஒட்டி, ஏறக்குறைய அரைவட்டமாகக் கருத்த மண். மீதி அரைவட்டம் சுவருக்குள் போய்விட்டது. அக்காவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், இந்த ஊரிலேயே பல அகழாய்வுகளில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார்.

பெரியவர் கைத்தெளிப்பானால் தண்ணீரைப் பனி போலத் தெளித்தார். கருத்த பகுதி தண்ணீரைச் சட்டென்று குடித்தது. சுற்றியிருந்த பழுப்பு மண்ணில் தண்ணீர் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு நின்றது. பிறகு கரண்டியின் கைப்பிடியால் இரண்டு இடத்திலும் தட்டினார். பழுப்பில் கெட்டிச் சத்தம். கருப்பில் மொத்தென்று ஒலித்தது. "தோண்டி மூடுன மண்ணு பாப்பா. எத்தன காலமானாலும் பழைய இறுக்கம் வராது" என்றார். விரலால் எல்லையைத் தடவிக் காட்டினார். கருப்பும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்து மங்கவில்லை. கத்தியால் வெட்டியது போல் ஒரு விளிம்பு இருந்தது. மண் தானாகப் படிந்தால் நிறம் மெல்ல மெல்ல மாறும். மனிதர் வெட்டிய குழிக்குத்தான் இப்படி விளிம்பு இருக்கும்.

ஒரு பழைய குப்பைக்குழிக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். நம் கொல்லையில் வாழைக் கன்றுக்கு மூன்றடி குழி வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஷாம்பு பாக்கெட் விழுந்து மண் மூடிவிடுகிறது. அந்த மூன்றடி ஆழத்தில், குழிக்கு வெளியே, தாத்தாவின் தாத்தா காலத்து மண் கிடக்கலாம். பிற்காலத்தில் யாரோ ஆழத்தை மட்டும் அளந்து எழுதினால், ஷாம்பு பாக்கெட்டும் அந்தப் பழைய மண்ணும் ஒரே காலம் என்று ஆகிவிடும். குழி செய்யும் இன்னொரு கெடுதலும் உண்டு. வெட்டி மேலே போட்ட மண்ணோடு அடியிலிருந்த பழைய பொருள்களும் மேலே வந்துவிடும். ஆக, புதியது கீழே போகிறது, பழையது மேலே ஏறுகிறது. இரண்டையும் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் வழி அந்த விளிம்பு ஒன்றுதான்.

இந்தியத் தொல்லியல் இதை உணர்ந்துகொள்ளக் காலம் பிடித்தது. 1920களில் மொகஞ்சதாரோவைத் தோண்டியபோது, ஒரு பொருள் நிலையான ஒரு மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே கிடைத்தது என்பதையே முக்கியமாகக் குறித்தார்கள். மண்ணடுக்குகளோ தரை போலச் சமமாகக் கிடப்பதில்லை. மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், சுவரை ஒட்டிச் சரியும். ஒரே ஆழத்தில் கிடைத்த இரண்டு பொருள்களுக்கு நடுவே நூற்றாண்டுகள் இருக்கலாம். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தார். சதுரம் சதுரமாகத் தோண்டி, நடுவே மண்சுவர் விட்டு, அடுக்கடுக்காக உரிக்கும் முறையை இங்குள்ள மாணவர்களுக்குப் பழக்கினார்.

1945-இல் அவர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே இத்தாலியில் செய்த மெருகேறிய சிவப்புத் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது: ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை. ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் ஒரு காலம் சொல்ல முடிந்தது. அதே வகைப் பானை வேறு ஊர்களில் கிடைத்தபோது அந்த ஊர்களின் அடுக்குகளுக்கும் காலம் கிடைத்தது. பிற்கால ஆய்வுகள் அரிக்கமேட்டின் காலத்தை முன்னும் பின்னும் நீட்டியிருக்கின்றன. ஆனால் வீலரின் வாதம் முழுக்க ஒரே கேள்வியில் நின்றது: இந்த ஓடும் அந்த ஓடும் உண்மையிலேயே ஒரே அடுக்கில் கிடந்தனவா? நடுவில் ஒரு குழியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

எங்கள் கருவட்டத்துக்கு வருகிறேன். குழி மண்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது எங்கள் நல்ல காலம். தளத்தில் பார்த்தால் குழியின் வாய் வட்டமாக மட்டும்தான் தெரியும். சுவரில் பார்த்தால் அதன் பக்கவாட்டு முகமே தெரியும். அக்கா சுவரைக் கரண்டியால் மேலிருந்து கீழாகச் சுரண்டினார். கீழிருந்து மேலே சுரண்டினால் புது மண் பழைய முகத்தில் பூசிக்கொள்ளும். பிறகு தண்ணீர் தெளித்து, கரண்டி நுனியால் அடுக்குகளின் எல்லையை மெல்லிய கோடாகக் கீறச் சொன்னார்.

சுவரில் மேலே உழவு மண், இருபது சென்டிமீட்டர் போல. தென்னை வேர் நிறைய. அதன் கீழே வெளிர் மஞ்சள் வண்டல். கையில் தேய்த்தால் மாவு போல இருக்கிறது, ஓடுகள் மிகக் குறைவு. ஆறு பெருகி வந்து விட்டுப்போன மண் என்கிறார் அக்கா. இது இரண்டாம் அடுக்கு. அதன் கீழே மூன்றாம் அடுக்கு: சாம்பல் நிறம், செங்கல் துணுக்கு, கூரை ஓட்டுத் துண்டு, எலும்பு, நிறைய பானை ஓடு. மக்கள் வாழ்ந்து விட்ட மண். அதற்கும் கீழே நாங்கள் நிற்கும் நான்காம் அடுக்கு, மஞ்சள் கலந்த பழுப்பு, இறுக்கமானது.

குழியின் விளிம்புக் கோடு நான்காம் அடுக்கிலிருந்து மேலே ஏறியது. மூன்றாம் அடுக்கை வெட்டிக்கொண்டு அதன் மேல் விளிம்பு வரை போனது. அங்கே நின்றுவிட்டது. இரண்டாம் அடுக்கின் வண்டல் அந்த வாயின் மேல் ஒரு முறிவும் இல்லாமல் ஓடியது.

இதற்கு ஒரே பொருள்தான். மூன்றாம் அடுக்கின் மேற்பரப்பு தரையாக இருந்த காலத்தில் யாரோ அங்கே நின்று இந்தக் குழியை வெட்டினார்கள். அதை நிரப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளம் வந்து வண்டலைப் போட்டது. குழி வண்டலை விடப் பழையது, மூன்றாம் அடுக்கை விடப் புதியது. நாங்கள் அதை நான்காம் அடுக்கின் ஆழத்தில் முதலில் பார்த்ததற்கும் அதன் காலத்துக்கும் தொடர்பே இல்லை. அப்படியானால் மூன்றாம் அடுக்கைத் தோண்டியபோதே இந்தக் குழி தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் சாம்பல் மண்ணுக்குள் சாம்பல் மண் நிறைந்த குழி கண்ணுக்கு எளிதில் படாது. நிறம் மாறிய பழுப்பு மண்ணை எட்டிய பிறகே விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. அதனால் மூன்றாம் அடுக்கின் அந்த மூலையில் சேகரித்த ஓட்டுப் பைகளின் அட்டையில், "குழி மண்ணும் கலந்திருக்கலாம்" என்று அக்கா எழுதச் சொன்னார். பையைத் தூக்கிப் போடவில்லை. அதிலிருந்து எந்த முடிவையும் எடுக்கக் கூடாது என்பதற்காக அந்தக் குறிப்பு.

இப்போது தோண்டும் வரிசை. கடைசியாக நடந்ததை முதலில் எடுக்க வேண்டும். குழி, நான்காம் அடுக்குக்குப் பின் வந்தது. ஆகவே குழியை முழுக்கக் காலி செய்யும் வரை நான்காம் அடுக்கைத் தொடக் கூடாது. குழிக்குத் தனி எண், தனிப் பை, தனி அட்டை. குழியையும் ஒரேயடியாக அள்ளுவதில்லை. நடுவே நூல் பிடித்து ஒரு பாதியை மட்டும் எடுத்தோம். மீதிப் பாதியின் நெட்டுமுகத்தில், அது எப்படி நிரம்பியது என்பது தெரியும். அடியில் கரித்துணுக்கோடு ஒரு சாம்பல் பட்டை. அதன் மேல் எலும்பும் ஓடும் கலந்த கருமண். அடுப்புச் சாம்பலை முதலில் கொட்டியிருக்கிறார்கள். பிறகு வீட்டுக் குப்பை. ஒரே நாளில் மூடியிருந்தால் இப்படிப் பட்டை பட்டையாக இருக்காது.

எட்டேகால் மணி இருக்கும். குழி மண்ணில் என் கரண்டி ஒரு வட்டமான ஓட்டில் உரசியது. ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரியது. பானை ஓட்டின் ஓரத்தைக் கொத்திக் கொத்தி வட்டமாக்கியிருந்தார்கள். மேலே நின்று மண் சட்டி வாங்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, சில்லு! பிள்ளைக விளையாண்டிருக்கும்" என்றார். நாங்கள் வட்டச்சில்லு என்று பதிவேட்டில் எழுதுவது இதைத்தான். தமிழ்நாட்டின் வாழ்விடத் தளங்களில் இது ஏராளமாகக் கிடைக்கிறது.

அதை உடனே எடுக்கவிடவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து, குழியின் இரண்டு பக்கச் சுவர்களிலிருந்து தூரம் அளந்தோம். ரசமட்டம் வைத்து நூல் பிடித்து ஆழம் அளந்தோம். மூன்று அளவும் சேர்ந்தால்தான் அந்தச் சில்லு எந்தப் புள்ளியில் இருந்தது என்று பின்னால் வரைபடத்தில் வைக்க முடியும். ஆழம் 97 சென்டிமீட்டர். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே குழி எண்ணையும் எழுதினேன். எண் இல்லாமல் 97 மட்டும் இருந்தால், அது வாசிப்பவரை நேராக நான்காம் அடுக்குக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

கையில் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. சில்லின் ஒரு முகம் சிவப்பு, மறுமுகம் கருப்பு. கருப்பு-சிவப்பு மட்கலத்தின் உடைசல். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்று படாத உட்புறமும் விளிம்பும் கருக்கும், காற்று படும் வெளிப்புறம் சிவக்கும் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அப்படியென்றால் இந்தச் சின்ன வட்டத்தில் மூன்று காலங்கள் இருக்கின்றன. பானை சுட்டது ஒரு காலம். அது உடைந்து, யாரோ அதைச் சில்லாகக் கொத்தியது அதற்குப் பிந்திய ஒரு காலம். சில்லு குப்பையோடு குழியில் விழுந்தது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று இந்தக் குழி சொல்லாது. ஒரு வாரமாகவும் இருக்கலாம், நூறு ஆண்டாகவும் இருக்கலாம். குழி உறுதியாகச் சொல்வது ஒன்றே: மூடப்பட்ட நேரத்தில் சில்லு இருந்தது. அதனால்தான் ஒரு குழியின் காலத்தை அதில் உள்ள மிகப் புதிய பொருளை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். பழைய பொருள் எப்படி வேண்டுமானாலும் உள்ளே வரும்; இன்னும் பிறக்காத பொருள் வர முடியாது.

அடிச் சாம்பலில் இருந்த கரித்துணுக்கை எடுக்கும்போது அக்காவே இறங்கி வந்தார். கையால் தொடவில்லை. கழுவித் துடைத்த கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து வைத்தார். வேர் நூல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இன்றைய தென்னை வேர் கலந்தால் கரியின் காலம் உண்மையை விடப் புதிதாகத் தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். கரி ஒரு பெருமரத்தின் வைரத்திலிருந்து வந்திருந்தால், ஆய்வகம் சொல்வது அந்த உள்வளையம் வளர்ந்த காலத்தை. அடுப்பில் எரிந்த நாள் அதற்கு நூறு ஆண்டு தள்ளிக்கூட இருக்கலாம். அதனால் ஒரு கருகிய நெல்மணி கிடைத்தால் மரக்கரியை விட அதையே விரும்புகிறார்கள். நெல்லுக்கு ஓராண்டு வயதுதான்.

கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று அமெரிக்காவின் பீட்டா ஆய்வகம் கணித்ததும், தமிழகத் தொல்லியல் துறை அதை 2019-இல் வெளியிட்டதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அந்த 353 என்ற எண் பலருக்கு மனப்பாடம். எனக்கும்தான். இன்று காலைக்குப் பிறகு அதைக் கேட்டால் உடனே என் மனம் சுவர் வரைபடத்தைத் தேடும். மாதிரி எந்த அடுக்கில் இருந்தது, மேலே எந்த அடுக்கு அதை மூடியிருந்தது, பக்கத்தில் விளிம்பு ஏதும் இருந்ததா என்றுதான் பார்க்கத் தோன்றும். கரியின் வயதை ஆய்வகம் சொல்லும். அந்தக் கரி எதனுடைய வயதைச் சொல்கிறது என்பதைக் குழியில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விளிம்பு தெரிந்தால் எல்லாமே மனிதர் வெட்டியது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. தெற்குப் பக்கம் இன்னொரு கருப்புத் திட்டு தெரிந்தது. கைமுட்டி அகலம். ஆவலோடு சுரண்டினேன். அது நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடியது. உள்ளே மண் பொலபொலவென்று இருந்தது, நெல் உமி கிடந்தது. "எலி வளை" என்று பெரியவர் மேலிருந்தே சொல்லிவிட்டார். எலி வளை சின்ன மணிகளை அடியாழத்துக்குக் கொண்டுபோகும். மக்கிய தென்னை வேர் இருந்த இடமும் கம்பம் நட்ட குழி போலவே வட்டமாக இருக்கும். ஆனால் கீழே போகப் போகக் குறுகும், கிளை பிரியும். கம்பக்குழி கிளை பிரியாது; பெரும்பாலும் அதைச் சுற்றி, கம்பம் ஆடாமலிருக்க இடித்து நிரப்பிய மண் வேறு நிறத்தில் இருக்கும். கரிசல் நிலத்தில் இன்னொரு தொல்லை. கோடையில் நிலம் வெடித்து, மேலே கிடந்த மணியும் காசும் பிளவுக்குள் விழுந்து, மழைக்கு வாய் மூடிக்கொள்ளும். பிறகு விளிம்பே இருக்காது. அப்படிப்பட்ட தளங்களில் ஒற்றை மணியை வைத்துக் காலம் பேசாமல், பிளவுக்குள் விழ முடியாத அளவு பெரிய பானை ஓடுகளையே நம்புகிறார்கள்.

ஒன்பதரைக்குச் சுவர் காய்ந்துவிட்டது. நான் கீறிய கோடுகள் மட்டும் தெரிந்தன, அடுக்குகள் தெரியவில்லை. அதற்கு முன்பே அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் வைத்துப் படம் எடுத்துவிட்டோம். வரைபடத்தாளில் 1:20 அளவில் சுவரையும் வரைந்தேன். படம் எடுத்தாயிற்றே, ஏன் வரைய வேண்டும் என்று தோன்றலாம். கேமரா எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இங்கே விளிம்பு இருக்கிறதா, இல்லையா. நான் ஓரிடத்தில் விளிம்பை உறுதியாகச் சொல்ல முடியாமல் புள்ளிக்கோடாகப் போட்டேன். அக்கா அதை முழுக்கோடாக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் "தெளிவில்லை" என்று எழுதி என் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னார்.

அந்தப் புள்ளிக்கோடு குழியின் மேற்கு விளிம்பில், மூன்றாம் அடுக்கின் நடுவில் இருக்கிறது. அங்கே இன்னொரு சாம்பல் பட்டை குழிக்கு வெளியே நீள்கிறது போலத் தெரிந்தது. அது மூன்றாம் அடுக்கிலேயே உள்ள ஒரு பழைய அடுப்பின் சாம்பலாக இருக்கலாம்; அப்படியானால் எங்கள் குழி அதை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது, அடியில் எடுத்த கரித்துணுக்கும் அந்த அடுப்பிலிருந்து சரிந்து விழுந்ததாக இருக்கக்கூடும். இல்லையென்றால் அங்கே இரண்டு குழிகள், ஒன்றையொன்று வெட்டி. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புமுன் இது தெரிந்தாக வேண்டும். அலுமினியப் பொட்டலத்தின் அட்டையில் அக்கா இப்போதைக்குப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறார். நாளை காலை ஈரம் இருக்கும்போது அந்த ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டிப் பார்க்கிறோம். சாம்பல் பட்டை குழியின் விளிம்பில் அறுபட்டு நின்றால் அடுப்பு பழையது. விளிம்பைத் தாண்டிக் குழிக்குள்ளும் தொடர்ந்தால், இன்று நான் வரைந்த மேற்குக் கோட்டை அழித்துப் புதிதாக வரைய வேண்டும்.